கெண்டைக்கால் தயார், குதிகால் நாண் தயாரில்லை: புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு 16 வார வழிகாட்டி

காவலர் தேர்வுக்கு எழுத்துத் தேர்வு முடிவு வந்த மறுநாளே மைதானங்கள் நிறைந்துவிடும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். முதல் வாரம் மூச்சு வாங்கும், தொடையும் கெண்டைக்காலும் வலிக்கும். மூன்றாவது வாரத்தில் அந்த வலி போய்விடும், மூச்சும் அடங்கிவிடும். உடம்பு பழகிவிட்டது என்று வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கூட்டுவார்கள். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே பிடித்து இழுக்கும். பத்துப் பதினைந்து அடி நடந்ததும் சரியாகிவிடும். அதனால் அன்றும் ஓடுவார்கள்.

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நாணைத்தான் அக்கிலிஸ் தசைநாண் என்கிறோம். உடம்பிலேயே வலுவான தசைநாண் அதுதான். புதிதாக ஓடுபவர்களுக்கு முதலில் தொல்லை கொடுப்பவற்றில் ஒன்றும் அதுவே. தசை மூன்று வாரத்தில் காட்டும் முன்னேற்றத்தை இந்த நாண் மூன்று மாதத்தில்தான் காட்டும். காரணம் புரிந்தால், எந்த வாரத்தில் எதைக் கூட்டலாம் என்பது தானாகவே தெளிவாகும்.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது

முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி புதிய தசையால் வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் தசை இழைகளை மூளையும் நரம்புகளும் இன்னும் அதிகமாக, ஒரே நேரத்தில் இயக்கக் கற்றுக்கொள்கின்றன. அதாவது நாணை இழுக்கும் விசை இரண்டே வாரத்தில் கூடிவிடுகிறது, ஆனால் நாண் அப்படியே இருக்கிறது. பிறகு தசையும் வளரத் தொடங்குகிறது. தசையில் ரத்த ஓட்டம் தாராளம். ஒரு பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் புரத உற்பத்தி கூடி, ஓரிரு நாள் அப்படியே நீடிக்கும்.

தசைநாண் வேறு வகைப் பொருள். கயிற்றின் புரிகள் போல நீளவாக்கில் அடுக்கப்பட்ட கொலாஜன் இழைகள்தான் அதன் பெரும்பகுதி. அவற்றைப் பராமரிக்கும் செல்கள் மிகக் குறைவு, ரத்தக் குழாய்களும் குறைவு. குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலிருந்து சுமார் 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே உள்ள பகுதிக்கு ரத்தம் இன்னும் குறைவாகவே போகிறது. வலியும் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

இதைவிட முக்கியமான ஒன்று 2013-ல் தெரியவந்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு திடீரென ஏறி, பிறகு படிப்படியாக இறங்கியது. ஒருவர் உடம்பின் எந்தத் திசு எந்தக் காலத்தில் உருவானது என்பதை அந்த அளவை வைத்துக் கணிக்கலாம். டென்மார்க்கின் காட்யா ஹைனமையர் குழு, இறந்தவர்களின் அக்கிலிஸ் நாணின் நடுப்பகுதியை இப்படி அளந்தது. அதில் இருந்த கொலாஜன் பெரும்பாலும் அவர்களுக்கு ஏறத்தாழ 17 வயது ஆகும்வரை உருவானது. அதன்பின் அது கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படவே இல்லை. தசையில் இந்தத் தேக்கம் இல்லை. ஆக, நீங்கள் 30 வயதில் ஓடத் தொடங்கினால், உங்கள் எடையைத் தாங்குவது பள்ளிக்கூட வயதில் உருவான நாண்தான். அதன் உள்மையத்தைப் பயிற்சியால் மாற்றிக் கட்ட முடியாது. விளிம்பில் புதிய பொருள் சேர்வது, இருக்கும் இழைகளுக்கிடையே பிணைப்பு இறுகுவது போன்ற சிறிய மாற்றங்கள்தான் மெல்ல மெல்ல நடக்கின்றன.

கால அட்டவணையை நேரடியாகத் தீர்மானிக்கும் விஷயம் இன்னொன்று. கடினமான பயிற்சிக்குப் பிறகு நாணில் கொலாஜன் உற்பத்தியும் சிதைவும் சேர்ந்தே கூடுகின்றன. முதல் 24 முதல் 36 மணி நேரத்தில் சிதைவு மேலோங்கி நிற்கும், அதன்பின்தான் கணக்கு லாபத்துக்குத் திரும்பும். இன்று காலை கடுமையாக ஓடி, நாளைக் காலையும் அதே கடுமையில் ஓடினால், நாண் நஷ்டத்தில் இருக்கும்போதே அடுத்த சுமையை ஏற்றுகிறீர்கள். தசைக்கு ஒரு நாள் போதும் என்று தோன்றும். நாணுக்குப் போதாது.

சுமையின் அளவு

மெதுவாக ஓடும்போதே ஒவ்வொரு அடியிலும் அக்கிலிஸ் நாண் உடல் எடையைப் போல் 6 முதல் 8 மடங்கு விசையைத் தாங்குகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் குறைந்தபட்சம் 420 கிலோ. நிமிடத்துக்கு 160 அடி என்ற கணக்கில் 20 நிமிடம் ஓடினால் 3,200 அடி, அதாவது ஒரு காலுக்கு 1,600 முறை அந்த விசை. வேகம் கூடினால் ஒவ்வொரு அடியின் விசையும் கூடும். மேட்டில் ஏறும்போதும், குதிகால் உயரம் குறைந்த ஷூவுக்கு மாறும்போதும், வெறுங்காலில் ஓடும்போதும், கடற்கரை மணலில் குதிகால் புதையும்போதும் நாண் வழக்கத்தைவிட அதிகம் இழுபடும். ஓடிய கிலோமீட்டரை மட்டும் குறித்துவைப்பவர்களுக்கு இந்தக் கூடுதல் சுமை கணக்கிலேயே வராது.

படி 1: தொடங்கும் முன் அளந்து பாருங்கள்

சுவரில் விரல்களை மட்டும் ஊன்றி ஒற்றைக் காலில் நில்லுங்கள். முழங்காலை மடக்காமல் 2 நொடியில் குதிகாலை முழு உயரத்துக்கு உயர்த்தி, 2 நொடியில் இறக்குங்கள். உயரம் குறையத் தொடங்கியதும் நிறுத்தி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, மற்ற காலுக்கும் செய்யுங்கள். இளைஞர்களுக்கு 25 நல்ல அளவு. 15-ஐத் தாண்ட முடியாதவர்கள் முதல் நான்கு வாரம் ஓட்டத்தைத் தொடாமல், வேக நடையும் அடுத்த படியில் உள்ள எடைப் பயிற்சியும் மட்டும் செய்வது நல்லது. இரண்டு கால்களுக்கும் இடையே ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பலவீனமான காலுக்கு ஒரு செட் கூடுதலாகச் செய்ய வேண்டும்.

அடுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணை இருபக்கமும் பிடித்து, எலும்பிலிருந்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது கூர்மையாக வலித்தாலோ ஒரு பக்கம் மட்டும் தடிப்பாக இருந்தாலோ, ஏற்கெனவே தொல்லை தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட வேண்டியிருக்கும்.

படி 2: நாணுக்கென்றே ஒரு பயிற்சி

ஓடினாலே நாண் வலுப்பெற்றுவிடும் என்ற நம்பிக்கைதான் பெரும்பாலானவர்களைக் கவிழ்க்கிறது. ஜெர்மனியில் அடமான்டியோஸ் அராம்பட்ஸிஸ் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. 14 வாரம், ஒரு கால் மிதமான விசையிலும் மற்றொரு கால் உச்ச விசைக்கு அருகிலும் பயிற்சி செய்தது. மொத்த வேலையின் அளவு இரண்டுக்கும் ஒன்றாக வைக்கப்பட்டது. தசை பலம் இரண்டு காலிலும் கூடியது. நாணின் விறைப்புத்தன்மை, அதாவது இழுத்தால் எளிதில் நீளாமல் தாங்கும் தன்மை, பெரும் விசை கொடுத்த காலில் மட்டுமே கூடியது. அதாவது, மிதமான பயிற்சி தசையை மட்டும் வளர்த்துவிட்டு நாணை அப்படியே விட்டுவிடும், இடைவெளி இன்னும் அகலும். எடையில்லாமல் ஐம்பது, அறுபது முறை குதிகாலைத் தூக்கி இறக்குவது களைப்பைத் தரும், ஆனால் நாணுக்குப் போதுமான செய்தியைத் தராது.

எனவே எடை கனமாக இருக்க வேண்டும், அசைவு மெதுவாக இருக்க வேண்டும். 3 நொடியில் ஏறி 3 நொடியில் இறங்குங்கள். மெதுவான அசைவில் இழுவிசை நாணின் மேல் நீண்ட நேரம் நிற்கும், உதறலும் இருக்காது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு வகை: முழங்கால் நீட்டியபடி ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால் மடக்கியபடி, தொடையின் மேல் எடை வைத்து இன்னொன்று. நிற்கும்போது கெண்டையின் வெளித்தசையும் சேர்ந்து வேலை செய்யும். உட்காரும்போது அடியில் இருக்கும் சோலியஸ் தசையே பெரும்பாலும் இழுக்கும், ஓட்டத்தில் அதிகம் உழைப்பதும் அதுதான்.

எடையை ரெப் கணக்கில் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் 15 முறைக்கு மேல் தூக்க முடியாத எடையில் 3 செட். இரண்டு, மூன்றாம் வாரங்களில் 12 முறைக்கான எடையில் 3 செட். நான்கு, ஐந்தில் 10 முறை, 4 செட். ஆறு முதல் எட்டு வரை 8 முறை, 4 செட். ஒன்பதிலிருந்து 6 முறை, 4 செட். செட்டுகளுக்கு இடையே 2 முதல் 3 நிமிட ஓய்வு. டென்மார்க்கில் அக்கிலிஸ் வலிக்காரர்களுக்குச் சோதித்துப் பார்த்த 12 வார முறை இதுதான், வலி வராதவர்களுக்கும் பொருந்தும்.

ஜிம் இல்லாதவர்கள் முதுகுப்பையில் மணல் கட்டிய பொட்டலங்களை அடுக்கி, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் செய்யலாம். 70 கிலோ ஆளுக்குத் தொடக்கத்தில் உடல் எடையோடு 5 கிலோ சேர்த்தாலே 15 முறை கடினமாக இருக்கும். ஒன்பதாவது வாரத்தில் 20 கிலோவுக்கு மேல் தேவைப்படலாம். பையைக் கனமாக்காமல் ரெப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போவதுதான் வீட்டில் செய்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் திரும்பவும் மிதமான பயிற்சிக்கே வந்துவிடுகிறீர்கள்.

வலி குதிகால் எலும்பிலேயே, நாண் ஒட்டும் இடத்தில் இருந்தால் படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடக் கூடாது. அந்த நிலையில் நாண் எலும்பின் மேல் அழுந்தும். சமதரையில் நின்றே செய்யுங்கள். சுவரில் சாய்ந்து கெண்டையை நீட்டும் ஸ்ட்ரெச்சிங்கும் இவர்களுக்கு வலியைக் கூட்டும்.

படி 3: ஓட்டத்தை அட்டவணைப்படுத்துவது

24 வயது, 70 கிலோ, இதுவரை ஓடிப் பழக்கமில்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் 16 வாரம் இருக்கிறது. ஓட்டமும் எடைப் பயிற்சியும் திங்கள், புதன், சனி என்று ஒரே நாட்களில்: காலையில் ஓட்டம், குறைந்தது 6 மணி நேரம் கழித்து மாலையில் எடை. ஒரே நாளில் இரண்டும் எதற்கு என்று தோன்றலாம். இன்று ஓட்டம், நாளை எடை என்று மாற்றி மாற்றி வைத்தால் நாணுக்கு ஒரு நாள்கூட முழு ஓய்வு கிடைக்காது. சேர்த்து வைத்தால் ஒவ்வொரு கடின நாளுக்குப் பிறகும் 36 மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். இடைப்பட்ட நாட்களில் சைக்கிள், நீச்சல், நடை எல்லாம் செய்யலாம். மூச்சுக்கான பயிற்சி அங்கேயும் நடக்கும்.

முதல் இரண்டு வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை. ஓடுவது மொத்தம் 8 நிமிடம், ஒரு காலுக்கு சுமார் 640 அடி. மூன்று, நான்காம் வாரங்களில் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை: 960 அடி. ஐந்து, ஆறில் 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 4 முறை: 1,280 அடி. ஏழு, எட்டில் இடையே 2 நிமிட நடையோடு 10 நிமிடம் இரண்டு முறை: 1,600 அடி. இந்த எட்டு வாரமும் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தைத் தாண்டக் கூடாது.

நான்காவது முதல் ஏழாவது வாரம் வரை மனம் அடங்காது. மூச்சு நன்றாக இருக்கும், கால் துள்ளும், பக்கத்தில் ஓடுபவர் இரண்டு சுற்று முந்திப் போவார். தசையும் இதயமும் தரும் தகவல் அது. நாண் இன்னும் எதுவும் சொல்லத் தொடங்கவில்லை. ஜப்பானில் கெய்தாரோ குபோ குழு மூன்று மாத வலுப் பயிற்சியைத் தொடர்ந்து அளந்தபோதும் பலம்தான் முதலில் கூடியது. முழங்கால் நாணின் விறைப்புத்தன்மை மூன்று மாத முடிவில்தான் கூடியிருந்தது. ஆகவே வேகத்தைத் தொடும் முன் பத்து வாரம் காத்திருப்பதை அதிகப்படியான எச்சரிக்கை என்று நாங்கள் கருதவில்லை.

ஒன்பது, பத்தாம் வாரங்களில் 20 முதல் 25 நிமிடம் இடைவிடாத ஓட்டம். பதினொன்று, பன்னிரண்டாம் வாரங்களில் வேகம் வருகிறது, ஆனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க 200 மீட்டருக்கு 56 நொடி. பத்து நிமிடம் மெதுவாக ஓடிய பிறகு அந்த வேகத்தில் 200 மீட்டர் நான்கு முறை, இடையே 2 நிமிட நடை. அந்த வாரங்களில் மற்ற இரண்டு ஓட்டங்களின் நேரத்தைக் கால் பங்கு குறையுங்கள். பதின்மூன்று, பதினான்கில் 400 மீட்டர் மூன்று முறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம் 52 நொடியில். பதினைந்தாவது வாரம் ஒரே ஒரு முறை முழு 1500 மீட்டர். பதினாறாவது வாரம் ஓட்டத்தைப் பாதியாக்கி, எடைப் பயிற்சியில் ஒரு நாளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரம், வேகம், மேடு, ஷூ ஆகிய நான்கில் எந்த வாரத்திலும் ஒன்றுதான் மாற வேண்டும். தேர்வு மைதானத்தில் வெறுங்காலில் ஓட நினைப்பவர், எட்டாவது வாரத்திலிருந்தே பயிற்சியின் கடைசி 2 நிமிடத்தை வெறுங்காலில் ஓடத் தொடங்கி, வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்ட வேண்டும். தூரமோ வேகமோ கூடும் வாரங்களில் மட்டும் அதைக் கூட்டாமல் நிறுத்திவையுங்கள். தேர்வு நாளன்று முதல்முறையாக ஷூவைக் கழற்றுவது விபரீதம்.

கையில் ஆறு வாரம்தான் இருக்கிறதென்றால், நாணை மாற்ற நேரமில்லை என்பதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுங்கள். எடைப் பயிற்சியைத் தொடங்குங்கள், ஓட்டம் வாரம் மூன்று நாளைத் தாண்ட வேண்டாம், மூச்சுக்கான பெரும்பகுதி வேலையைச் சைக்கிளில் செய்யுங்கள், மணலையும் மேட்டையும் அறவே விடுங்கள். குதிகால் சற்று உயர்ந்த ஷூ இந்தக் காலத்தில் உதவும்.

படி 4: மறுநாள் காலையில் கேளுங்கள்

தசை வலி பயிற்சியின் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போய்த் தணியும். கெண்டை முழுவதும் பரவலாக வலிக்கும். நாண் வலி அப்படியல்ல. ஒரு விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் இருக்கும், காலையில் முதல் அடியில் இறுக்கமாக இருக்கும், நடக்க நடக்கக் குறையும், ஓடத் தொடங்கியதும் மறைந்தும் போகும். சூடேறியதும் மறைவதுதான் ஆளை ஏமாற்றுகிறது. அதனால் ஓடும்போது எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தினமும் காலையில் வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு, இறுக்கம் எத்தனை நிமிடம் நீடித்தது என்பதோடு எழுதிவையுங்கள். 2 வரை இருந்தால் திட்டப்படி போகலாம். 3 முதல் 5 வரை இருந்து, அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால், கூட்டாமல் அதே அளவில் ஒரு வாரம் நில்லுங்கள். 5-ஐத் தாண்டினாலோ, இறுக்கம் வாரத்துக்கு வாரம் கூடினாலோ, ஓட்டத்தை இரண்டு வாரத்துக்கு முந்தைய அளவுக்கு இறக்குங்கள்.

வலி வந்துவிட்டால்

முழு ஓய்வு எடுத்தால் இரண்டு வாரத்தில் வலி போய்விடும், திரும்ப ஓடியதும் வந்துவிடும். சுமையே இல்லாத நாண் வலுவை இழக்கத்தான் செய்கிறது. முதலில் மேடு, வேகம், குதிப்பு மூன்றையும் நிறுத்துங்கள். மெதுவான எடைப் பயிற்சியைத் தொடருங்கள், தேவையானால் எடையைக் குறைத்துக்கொள்ளலாம். அதுவும் வலித்தால், குதிகாலைப் பாதி உயரத்தில் நிறுத்தி 30 முதல் 45 நொடி அசையாமல் தாங்கி நிற்பதை 5 முறை செய்யுங்கள். பழைய நிலைக்குத் திரும்பக் குறைந்தது 12 வாரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது, உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோலையும் மறைத்துவிடும்.

இன்னொரு விஷயத்தை நம் ஊரில் அழுத்திச் சொல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. நாண் அறுந்துபோகும் ஆபத்தைப் பற்றி 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவற்றின் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போடுபவர்கள் பலர். ஓட்டப் பயிற்சியில் இருப்பவர் அதை மருத்துவரிடம் சொல்லி, வேறு மருந்து உண்டா என்று கேட்க வேண்டும். இந்த மருந்தைச் சாப்பிடும் நாட்களில் நாண் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கொலாஜனில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு நாணின் தன்மையே மாறுவதால், இந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் உணர்ந்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை, முன்பாதத்தில் எம்பி நிற்க முடியவில்லை என்றால், நாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி வைத்து, இன்னொருவரைக் கெண்டைக்காலைப் பிசைந்து அழுத்தச் சொல்லுங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அடிபட்ட காலில் அசையவில்லை என்றால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். வலி குறைவாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். முழுதாக அறுந்த நாண் சில மணி நேரத்தில் பெரிதாக வலிக்காமலும் போகலாம், பலர் தாமதிப்பது அதனால்தான்.